சுருங்கிய சொல்லும் சுடாத சொல்லும்

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஹட்டனில் வழக்கம்போல் விடாது மழை பெய்துகொண்டிருந்த வேளை, என் பழைய மாணவி ஒருத்தி குடையை வாயிலிலே சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். கையில் இருந்த கைத்தொலைபேசியை என் முன் நீட்டி, "ஐயா, இதில் என்ன பிழை என்று பார்த்துச் சொல்லுங்கள். மூன்று கிழமையாகப் பதிலே இல்லை" என்றாள். வட்ஸ்அப் வழியே அவள் தன் தோட்டத்து அலுவலகப் பெரிய கிளாக்கருக்கு எழுதிய செய்தி அது. அவள் இசைவோடு, பெயரை மட்டும் மாற்றி, எழுதியபடியே இங்கே தருகிறேன்:

"ஐயா வணக்கம் நல்லா இருக்கீங்களா வீட்ல எல்லாரும் சொகமா நேத்தும் போன் எடுத்தேன் வேலையா இருந்திருப்பீங்க நாங்க மேல் டிவிசன் அஞ்சாம் லயம் அம்மாவுக்கு காலு ரொம்ப முடியல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிட்டு வந்தோம் தம்பி கொழும்புல கடையில நிக்கிறான் அவன் அனுப்புற காசு கடனுக்கே சரியா போகுது அம்மா போன வருசம் வேலய விட்டாங்க தானே அந்த ஈபிஎப் காசு இன்னும் வரல லேபர் ஒபிசுக்கு ரெண்டு தரம் போனோம் பஸ்சுக்கே எவ்வளவு காசு ஐடென்டியில லெட்சுமின்னு இருக்கு செக்ரோல்ல இலட்சுமியம்மான்னு இருக்காம் ரெண்டும் ஒரே ஆள்தான்னு தோட்டத்துல கடுதாசி வாங்கிட்டு வரச் சொல்றாங்க பதினாலாம் திகதிக்குள்ள குடுக்கணுமாம் நீங்க பாத்து ஏதாவது செஞ்சா புண்ணியமா போகும் கோவிச்சுக்காதீங்க ஐயா"

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 79 சொற்கள். பெயர் இரண்டுபட்டிருக்கிறது என்னும் மூலச் சிக்கல் 59ஆம் சொல்லிலேதான் தலைகாட்டுகிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த எவரும் இதனைக் காதால் கேட்டால், அலுவலகச் சாளரத்தின் முன் நின்று ஒருத்தி பேசுவதைப்போலவே உணர்வர். அங்கே நின்று பேசும்போது இந்த முன்னுரை வேண்டும். கிளாக்கர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வரை ஏதேனும் பேசிக்கொண்டிருத்தல் வேண்டும். நலம் விசாரித்தல், தாயின் நோய், தம்பியின் கடன் என்பன எல்லாம் பேசுவதற்கு அனுமதி கேட்கும் முறையே. கேட்டவுடன் "இல்லை" என்ற விடையையே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியவர்கள் நேரே கேட்க அஞ்சுதல் இயல்பு.

ஆனால் கைத்தொலைபேசிக்கு முகம் இல்லை. செய்தி வந்தவுடன், திறவாத திரையில் அதன் முதல் சில சொற்களே தோன்றும். கிளாக்கர் கண்டது "ஐயா வணக்கம் நல்லா இருக்கீங்களா" என்பதை மட்டுமே. அத்தகைய செய்திகள் அவருக்கு நாள்தோறும் பல வரும். ஆறுதலாகப் பிறகு பார்ப்போம் என்று வைத்திருப்பார். திறந்து முழுவதும் படித்திருந்தாலும், தம்மை என்ன செய்யச் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெளிவாகியிராது. "ஏதாவது செஞ்சா" என்பது ஒரு வேண்டுகோள் அன்று. கடிதம் எழுதித் தர வேண்டுமா, தொழில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமா, பணம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க வேண்டுமா? இதனை அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் வேலையை மற்றவர் தலையில் வைத்தால் அவர் அந்த வேலையைத் தள்ளிப்போடுவார். இது கிளாக்கருக்கு மட்டும் உரிய குணமன்று.

இங்கே ஒரு விந்தை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய குற்றம் பத்து என்று வகுத்தது. அவற்றுள் முதலாவது மிகைபடக் கூறல் என்றே பலரும் நினைப்பர். அன்று, குன்றக் கூறலே முதலாவது. வேண்டியதைச் சொல்லாமல் விடுவதே தலையாய குற்றம். வேண்டாததைச் சேர்ப்பது அதற்கு அடுத்தது. மேலே கண்ட செய்தியில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. அது 79 சொல் நீண்டும், சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கம் அதில் இல்லை. அடையாள அட்டையின் படம் இல்லை. தாயின் பெயர்கூட "எங்கள் தாய் இன்னார்" என்று முறையாக இல்லை. கிளாக்கர் உடனே எழுந்து கடிதம் தட்டச்சுச் செய்ய முயன்றாலும் அவரால் இயலாது. ஆகவே, சுருக்குதல் என்பது வெட்டுதல் மட்டும் ஆகாது. விடுபட்டதைச் சேர்த்துக்கொண்டுதான் மற்றதை வெட்டவேண்டும்.

நிற்க. அம்மாணவி இதனை எழுதிப் பத்து நாள் கழித்து, பதில் வாராமை கண்டு, கொழும்பிலுள்ள தம்பி பொறுமையிழந்து அவள் சார்பில் இரண்டாவது செய்தி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறான். அதையும் காட்டினாள்:

"மேற்பிரிவு லெட்சுமி. பெயர் உறுதிக் கடிதம் தேவை. 14ஆம் திகதிக்கு முன் தயார்செய்து அறிவிக்கவும். முன்பும் அறிவித்தோம். பதில் இல்லை."

பதினைந்தே சொற்கள். இதற்குப் பதில் அன்றே வந்தது: "எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்." அவ்வளவுதான்.

இந்த இரண்டாம் செய்தியைக் கண்டபோதே சுருக்கத்தின் மறுபக்கம் எனக்கு விளங்கியது. இதில் வசை ஒன்றும் இல்லை. சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் படித்தவர் முகம் சுருங்கியிருக்கும். ஏன்? தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைமுற்றின் ஈற்றிலே குடியிருக்கிறது. "தருவீர்களா", "இருந்திருப்பீர்கள்", "வாருங்கள்" என்னும் ஈறுகள், எதிரே நிற்பவர் பெரியவர் என்பதைத் தாமே சொல்லிவிடும். நீங்கள் என்ற சொல்லை எழுதாமலே அந்தப் பணி நடந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் செய்வதுபோல வினையைக் களைந்துவிட்டுப் பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கினால், வினையோடு மரியாதையும் போய்விடுகிறது. "கடிதம் தேவை" என்றால் யாருக்குத் தேவை, யாரிடம் கேட்கப்படுகிறது? "மேற்பிரிவு லெட்சுமி" என்பது ஒரு தாயின் பெயர்போல் ஒலிக்கவில்லை. கோப்பின் மேல் ஒட்டிய சீட்டுப்போல் ஒலிக்கிறது.

அடுத்தது "அறிவிக்கவும்" என்ற சொல். அனுப்பவும், தரவும், கவனிக்கவும் என்று இவ்வகைச் சொற்கள் அலுவலகக் கடிதங்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் நிறைந்திருக்கின்றன. பொதுவாக யாருக்கும் சொல்லும் ஏவலாதலால், அங்கே அவை பிழையன்று. "வரிசையில் நிற்கவும்" என்ற பலகையை எவரும் தம்மை அவமதித்ததாகக் கொள்ளமாட்டார். ஆனால் பெயரும் வயதும் உடைய ஒரு மனிதரின் கைக்கு நேரே போகும் செய்தியில் அதே "-வும்" வந்தால், பலகையை எடுத்து அவர் முன் நட்டதுபோல் ஆகிறது. "அறிவிக்கிறீர்களா ஐயா?" என்பதற்கு அதனிலும் ஒரு சொல்லே கூடுதல். அந்த ஒரு சொல்லின் செலவை மிச்சப்படுத்தப்போய்த்தான் தம்பி "எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்" என்ற விடையைப் பெற்றான். கிளாக்கரின் விடையும் அதே "-வும்" என்று முடிந்ததை வாசகர் கவனித்திருப்பர்.

மூன்றாவது, "முன்பும் அறிவித்தோம். பதில் இல்லை" என்ற குற்றச்சாட்டு. நீல நிறத்து இரட்டைச் சரிக்குறி 2014ஆம் ஆண்டில் வட்ஸ்அப்பிலே புகுத்தப்பட்ட நாள் முதல், தம் செய்தி படிக்கப்பட்டதை அனுப்பியவர் அறிவார். படித்தவரும் தாம் படித்தது தெரிந்துவிட்டதை அறிவார். ஆகவே இன்று மௌனமும் ஒரு விடையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த மௌனத்தை நினைவூட்டத்தான் வேண்டும். ஆனால் யார்மேல் வைத்து நினைவூட்டுவது என்பதிலே வேறுபாடு இருக்கிறது. "நீங்கள் பதில் தரவில்லை" என்றால் வாக்கியத்தின் எழுவாய் அவர். "எனக்குப் பதில் இன்னும் வந்து சேரவில்லை" என்றால் எழுவாய் பதில். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. பின்னதில் அவருக்குத் தப்பிச் செல்ல ஒரு கதவு திறந்திருக்கிறது. தவறு தம்முடையதே என்றாலும், கதவு திறந்திருந்தால் மனிதர் உதவி செய்ய இசைவர்.

தந்தி வழக்கில் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்குச் சுருக்கத்தின் குளிர் புதிதன்று. தந்திக்குச் சொற்கணக்கிலே காசு. ஆகையால் வணக்கமும் வினையீறும் முதலில் வெட்டப்பட்டன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் மலைநாட்டுக் குடும்பங்கள் பல பாதி இங்கும் பாதி திருச்சி, மதுரைப் பக்கமும் பிரிந்து வாழ்ந்த நாள்களில், லயத்துக்குத் தந்திக்காரர் வந்தால் உறையைப் பிரிக்குமுன்னரே அழுகை தொடங்கிவிடும். பிள்ளை பிறந்த செய்தியும் அதே வறண்ட நாலு சொல்லில்தான் வந்தது. இந்தியாவில் அச்சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. வட்ஸ்அப்பிலோ சொல்லுக்குக் காசு இல்லை. செலவாவது படிப்பவருடைய கவனம் மட்டுமே. ஆகவே தந்தியின் கஞ்சத்தனத்தை இங்கே கொண்டுவர வேண்டிய நியாயம் இல்லை.

இனி, அன்று அவளும் யானும் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன். முதலில் அவளுடைய நீண்ட செய்தியைத் தாளில் எழுதச் சொன்னேன். பிறகு, "அவர் என்ன செய்தால் உன் காரியம் முடியும்?" என்று கேட்டேன். சிறிது யோசித்து, "கடிதம் எழுதி வைத்துவிட்டு, எந்த நாள் வரலாம் என்று சொன்னால் போதும்" என்றாள். அதுதான் வேண்டுகோள். அது 79 சொற்களில் எங்கும் இல்லை! அதனை வணக்கத்துக்கு அடுத்து வைத்தோம். அடுத்து, அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு எவை வேண்டும் என்று பார்த்துச் சேர்த்தோம். பின்னர் ஒவ்வொரு வரியாக எடுத்து, "இது இல்லாவிட்டால் அவர் செய்யும் காரியம் மாறுமா?" என்று கேட்டு, மாறாதென்றால் கோடிட்டு அடித்தோம். தம்பியின் கடன் போயிற்று. பேருந்துக் காசு போயிற்று. நேற்றைய தொலைபேசி அழைப்பும் போயிற்று. "கோவிச்சுக்காதீங்க" என்பதை அடிக்கும்போது அவளுக்கு மனம் வரவில்லை. கோபிக்கத்தக்கது ஒன்றும் செய்யாதபோது கோபத்தை நாமே அழைத்துக் கதவருகில் உட்கார வைக்க வேண்டியதில்லை என்றேன், சிரித்துக்கொண்டு அடித்தாள்.

தாயின் கால்நோயை அடிக்கப் போனவளை யான் தடுத்தேன். அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது. முதற் செய்தியில் அது இரக்கம் தேடும் பேச்சு. ஆனால் உரியவர் வாராமல் மகள் ஏன் வருகிறாள் என்று அலுவலகத்தில் கேட்பார்கள் அல்லவா? அந்தக் கேள்விக்கு விடை இதுவே. விடையாக வைத்தால் அது செய்தியின் ஒரு பகுதி. அதே சமயம், எழுதுபவள் ஒரு தாயின் மகள் என்பதும் படிப்பவர்க்குத் தெரிந்துவிடும். சுருங்கிய செய்தியில் வெம்மை வேண்டுமானால் இப்படி ஒன்றே ஒன்று போதும். அதுவும் உண்மையானதாய், வேலை செய்வதாய் இருத்தல் வேண்டும். முடிவில் நின்றது இது:

"வணக்கம் ஐயா. அம்மாவின் சேமலாப நிதிக்காகத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது. அடையாள அட்டையில் லெட்சுமி என்றும் செக்ரோலில் இலட்சுமியம்மா என்றும் இருப்பதால், இரண்டும் ஒருவரே என்று எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். 14ஆம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். அட்டையின் படமும் அங்கத்துவ இலக்கமும் கீழே இருக்கின்றன. அம்மாவுக்குக் கால் முடியாததால் நானே வருகிறேன். எந்த நாள் வரலாம் ஐயா? மேற்பிரிவு ஐந்தாம் லயம், லெட்சுமியின் மகள்."

47 சொற்கள். தம்பி எழுதியதைப்போல் மூன்று மடங்கு. அவள் எழுதியதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. முன்னைய இரண்டு செய்திகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; அவை அதே திரையில் மேலே கிடக்கின்றன, அவர் காண்பார். "ஐயா" என்பது இருமுறை வருகிறது. தலையில் ஒன்று, கேள்வியில் ஒன்று. வரிக்கு வரி ஐயா போட்டால் கெஞ்சுதலாகிவிடும். ஒன்றும் இல்லையேல் கட்டளையாகிவிடும். கேள்வியும் "செய்வீர்களா" என்று நிற்கவில்லை, "எந்த நாள்" என்று நிற்கிறது. முன்னதற்கு "இல்லை" என்று சொல்வது எளிது. பின்னதற்கு ஒரு கிழமையின் பெயரே விடையாகும். இதில் சிறிது சாமர்த்தியம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளாக்கர் தரக்கூடிய கடிதமாதலால் அந்தச் சாமர்த்தியம் தகும். தர இயலாத ஒன்றை இப்படிக் கேட்டால் அது வற்புறுத்தலாகும்.

அனுப்புமுன் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இது கண்ணால் செய்யும் சோதனை அன்று, செவியால் செய்வது. சாளரத்தின் முன் நின்று அவர் முகத்தைப் பார்த்து இதே சொற்களைச் சொல்ல முடியுமா? நா எங்கே தயங்குகிறதோ அங்கே ஒன்று குறைந்திருக்கிறது, அல்லது மிகுந்திருக்கிறது. தம்பியின் செய்தியை அவ்வாறு படிக்கச் சொன்னபோது, இரண்டாம் வாக்கியத்திலேயே அவளுக்கு நா எழவில்லை.

இவ்வளவும் கேட்பவர் பக்கத்துக் கதை. விடையளிப்பவர் பக்கத்தில் யானும் பிழை செய்தவன் ஆதலால் அதனையும் சொல்லுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன், யான் கற்பித்த பாடசாலை ஒன்றில் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம். தோட்டத்துத் தந்தை ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள சிக்கலைப் பற்றி இரவிலே நீண்டதொரு செய்தி எழுதியிருந்தார். காலையில் பேருந்தில் நின்றபடி அதைப் படித்துவிட்டு, "சரி. பார்க்கலாம்" என்று விடை எழுதினேன். பார்க்கத்தான் கருதியிருந்தேன், அன்று பிற்பகலே அலுவலகத்தில் விசாரித்தும் வைத்தேன். ஆனால் அந்தத் தந்தை அதனை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதிகாரத்தில் இருப்பவர் "பார்க்கலாம்" என்றால், இல்லை என்பதைக் கூசாமல் சொல்லும் வகை அதுவே. அவர் மறுபடி கேட்கவில்லை. பிள்ளை விண்ணப்பிக்கும் நாள் தவறி, அவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்றவில்லை. அடுத்த ஆண்டுதான் எழுதினாள். "கிடைத்தது ஐயா. இன்று அலுவலகத்தில் கேட்டு, மாலை சொல்கிறேன்" என்று ஆறேழு சொற்கள் எழுதியிருந்தால் போதும். யான் விட்டது வேலையை அன்று. எப்போது, என்ன செய்வேன் என்ற இரண்டை விட்டேன். மேலிருப்பவர் எழுதும் சிறு விடைக்கு அவ்விரண்டுமே உயிர். இயலாதென்று சொல்ல நேரும்போதும் இதே கணக்குத்தான்: "முடியாது" என்று நிறுத்தாமல், "இந்தக் கிழமை இயலாது, திங்கட்கிழமைக்குப் பிறகு கேளுங்கள்" என்றோ, "இது என் கையில் இல்லை, தொழில் அலுவலகத்தில் கேட்க வேண்டும்" என்றோ, அடுத்த படி எங்கே என்பதைக் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. சுருக்கக்கூடாத செய்திகளும் உள. துக்கம் சொல்ல எழுதுபவரின் செய்தி நீளும். அதற்கு எழுதும் விடையை இரண்டு வரியில் அடக்க முயலக் கூடாது. அதனினும் நேரே போய் நிற்பது நன்று. எழுத்தறியாத முதியோர் ஐந்து நிமிடம் பேசிக் குரற்செய்தி அனுப்புவார்கள். அவர்களிடம் "சுருக்கமாக எழுதுங்கள்" என்று சொல்வது தகாது. கேட்டுவிட்டு, குரலிலேயே மறுமொழி சொல்ல வேண்டும். மனத்தாங்கலில் நிற்கும் வழக்கை எத்தனை அழகாகச் சுருக்கி எழுதினாலும் அது ஆறாது; அங்கே தொலைபேசியில் அழைத்துப் பேசுவதே வழி.

அம்மாணவியின் மூன்றாம் செய்திக்கு மறுநாட் காலை விடை வந்தது: "புதன் பத்து மணிக்கு வாங்க மகள். அம்மாவை அலைய விட வேணாம்." அவள் புதன்கிழமை சென்று கடிதத்தைப் பெற்று, 13ஆம் திகதி தொழில் அலுவலகத்தில் கொடுத்தாள். பணம் கைக்கு வர அதன்பின்னும் பல மாதம் சென்றது. அதற்கும் செய்தியின் நீளத்துக்கும் தொடர்பில்லை.